செவ்வாய்க்கிழமை சாயங்கால அலை

புக்கிட் தெராத்தாய் தேயிலைத் தோட்டத்தில் எந்த வாக்கி-டாக்கி செத்தாலும் அது யுவனேஸ்வரியின் மேசைக்கு வந்துதான் உயிர் பிழைக்கும். தொழிற்சாலையின் மேல்மாடியில், பச்சைக் கொழுந்தை வாட்டுகிற கூடத்தை ஒட்டி, கதவு சரியாகச் சாத்தாத ஓர் அறை அவளுடையது. மேசை மேல் எப்போதும் நாலைந்து வாக்கி-டாக்கிகள் வயிறு திறந்து கிடக்கும். ஜன்னலுக்கு வெளியே மலை. பாதி நாள் பனி வந்து மலையை எடுத்துக்கொண்டு போய்விடும்.

அவளுக்கு முப்பத்தெட்டு வயது. பத்தொன்பதில் அந்தக் கூடத்துக்கு இலை கிளறிவிட வந்தவள். அங்கே சுவரில் ஒரு கண்ணாடிப் பெட்டி இருந்தது. உள்ளே ஓர் உருளை, உருளையைச் சுற்றி ஒரு தாள், தாளைத் தொட்டுக்கொண்டு நீளமான கையில் ஒரு பேனா. காற்றில் ஈரம் ஏறினால் பேனா ஏறும், இறங்கினால் இறங்கும். உருளை வாரத்துக்கு ஒரு சுற்று சுற்றும். எல்லோரும் அதைப் பேனாப்பெட்டி என்றார்கள். திங்கட்கிழமை காலையில் பழைய தாளை உருவிப் புதுத் தாளைச் சுற்றி, மை விட்டு, சாவி கொடுக்க வேண்டும். அந்த வேலையை யாரும் விரும்பவில்லை. மை கையில் ஒட்டும். யுவனேஸ்வரி விரும்பினாள். பதினைந்து வருஷம் அவள்தான் அந்தத் தாள்களை மாற்றினாள், படித்தாள், கோப்பில் போட்டாள். வியாழன் மத்தியானம் ஏன் கோடு குதித்தது என்று தோட்ட மேலாளரான துரை கேட்டால், விசிறி இரண்டு மணி நேரம் நின்றுபோனது என்று தாளைப் பார்த்தே சொல்வாள். பிறகு பேனாப்பெட்டியை எடுத்துவிட்டு, சுவரில் தீப்பெட்டி அளவில் ஒரு மின்கருவியைப் பதித்தார்கள். எழுதாத தாள்கள் மூன்று பெட்டி மிச்சமாயின. அவற்றைத் தூக்கிப்போட அவளுக்கு மனசு வரவில்லை.

வாக்கி-டாக்கி அவளிடம் வந்தது தற்செயல். பழுது பார்த்துக்கொண்டிருந்த ஆள் சிங்கப்பூருக்குப் போய்விட்டார். திறந்து பார்த்தாள். புரிந்த மாதிரியும் இருந்தது, புரியாத மாதிரியும் இருந்தது. அந்தப் புரியாத பாதிக்காகத்தான் ஈப்போவில் ஒரு கல்லூரியில் வாரக்கடைசி டிப்ளோமாவில் சேர்ந்தாள். இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை பஸ்ஸில் இறங்குவாள். மலைப்பாதை முழுக்க வளைவுகள். புளிப்பு மிட்டாயை வாயில் அடக்கிக்கொண்டே ஃபோரியர் கணக்கைப் படித்தாள். எல்லாப் பாடமும் முடிந்தது, ஒன்றைத் தவிர. தொடர்புப் பொறியியல். அதில் இரண்டு முறை தோற்றிருந்தாள். இது மூன்றாவது. கல்லூரி விதியில் நான்காவது கிடையாது.

கடைசி ஒப்படைப்பு ஒரு ஒப்பீட்டு அட்டவணை. பேச்சை வானொலி அலையில் ஏற்றுகிற முறைகளை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றும் எதை மாற்றுகிறது, எவ்வளவு இடம் பிடிக்கிறது, இரைச்சலை எப்படித் தாங்குகிறது, எங்கே பயன்படுகிறது என்று எழுத வேண்டும். பக்கத்தில் அலைகளை வரைய வேண்டும். பேச்சைச் சுமக்கிற ஊர்தி அலையின் உயரத்தை மாற்றினால் ஏ.எம்.; நெருக்கத்தை, அதாவது அதிர்வெண்ணை, மாற்றினால் எஃப்.எம்.; அதன் கட்டத்தை, அதாவது அலை தன் சுற்றில் நிற்கிற இடத்தை, முன்னும் பின்னும் தள்ளினால் பி.எம்.

புதன்கிழமை பத்து மணிக்கு விரிவுரையாளர் குகனேஸ்வரனிடமிருந்து செய்தி வந்தது. முப்பத்தொரு வயது மனிதர். வகுப்பில் மலாயும் ஆங்கிலமும் பேசுவார், வகுப்புக்கு வெளியே தமிழ்; அப்போதும் திருமதிகளைப் புவான் என்றே அழைப்பார். செய்தி சுருக்கமாக இருந்தது. அட்டவணை மிக நன்று. அலை வரைபடங்களுக்கு இருபதில் பூஜ்யம். உங்கள் ஏ.எம். அலை காலத்தில் பின்னோக்கிப் போகிறது. ஒரே கணத்தில் மூன்று மதிப்பு காட்டுகிறது. அப்படி ஓர் அலை உலகத்தில் கிடையாது. இதைத் தவிர, ‘செவ்வாய் மாலை நெருக்கம் அதிகம்’ என்று எழுதியிருப்பதன் பொருள் என்ன? மறுபடி வரைந்து அனுப்ப விதியில் இடமில்லை. அனுப்பியதை விளக்கலாம். சனிக்கிழமை பதினொரு மணி, வீடியோவில்.

தேற வேண்டுமானால் அந்த இருபதில் பத்தாவது வேண்டும். அவள் இரண்டு முறை கூட்டிப் பார்த்துவிட்டாள்.

மேசை இழுப்பறையிலிருந்து அசல் தாள்களை எடுத்தாள். பேனாப்பெட்டித் தாள்கள்தான். நல்ல கெட்டித் தாள், மெல்லிய பச்சைக் கோடுகள். வேறு எந்தத் தாளில் வரைவாள்? ஒவ்வொரு அலைக்கும் ஒரு தாள். ஐம்பது என்று அச்சிட்ட நடுக்கோட்டின் மேல் பென்சிலால் அழுத்திக் கோடு இழுத்திருந்தாள்; அதுதான் பூஜ்யம். திங்கள் தொடங்கி ஞாயிறு முடிய ஏழு நாளுக்குள், பேச்சைக் காட்டுகிற செய்தி அலை ஒரே ஒரு முறை ஏறி இறங்குகிறது. செவ்வாய் மாலை ஆறு மணிக்கு உச்சி, வியாழன் நண்பகலில் பூஜ்யம், சனி விடியல் ஆறுக்குப் பள்ளம். ஊர்தி அலை நாளுக்கு இரண்டு சுற்று. கால்குலேட்டரில் கணக்குப் போட்டு, புள்ளி புள்ளியாக வைத்து, மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் வரைந்தது. தப்பே தெரியவில்லை. ஏ.எம். செவ்வாய் மாலை நெடுநெடுவென்று நின்றது, சனி காலை குட்டையாகக் கிடந்தது. எங்கே பின்னோக்கிப் போகிறது?

ஆபீசில் ஸ்கேன் செய்து அனுப்பிய பிரதியைத் திறந்து பக்கத்தில் வைத்தாள். கோபத்தில் எதுவும் கண்ணில் ஏறவில்லை.

கதவைத் தள்ளிக்கொண்டு விமலன் வந்தான். ஏழாம் நம்பர் மலைக்குக் கங்காணி. கையில் ஒரு வாக்கி-டாக்கி, மழையில் குளித்தது.

“அக்கா, இது பேச மாட்டேங்குது. கோவிச்சுக்கிச்சு.”

“வச்சிட்டுப் போ.”

“நீங்களும் கோவமா? என்ன படம் லா இது?” அவன் ஸ்கேன் பிரதியைத் தலையைச் சாய்த்துப் பார்த்தான். “காத்தடிச்ச லாலாங் புல்லு மாதிரி இருக்கு. எல்லாம் ஒரே பக்கம் சாஞ்சி கெடக்கு.”

“எது சாஞ்சி கெடக்கு? நேராத்தானே வரஞ்சிருக்கேன்.”

“நேரா? உங்க கண்ண கிளினிக்ல காட்டுங்க. எல்லாம் எடது பக்கம் படுத்துக்கிச்சு. இந்தா, இந்தப் பெரிய கோடு பாருங்க, மேல போயி, பின்னாடி திரும்பி, மறுபடி வருது. நம்ம தானா ராத்தா ரோட்டு வளைவு மாதிரி.”

அவள் பிரதியைப் பார்த்தாள். அசலைப் பார்த்தாள். பிரதியில் பச்சைக் கோடுகளே இல்லை. வெள்ளைத் தாளில் பென்சில் அலையும் பென்சில் நடுக்கோடும் மட்டும் இருந்தன. அசலில் பச்சைக் கோடுகள் இருந்தன. வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் அந்தப் பச்சைக் கோடுகளையே பார்த்தாள். குறுக்கே போகிற கோடுகள் நேர். நேரத்தைக் காட்டுகிற நெடுங்கோடுகள் வளைவு. மேலும் கீழும் இடப்பக்கம் வளைந்து, அடைப்புக்குறியின் வலப்பாதி மாதிரி, வரிசையாக எண்பத்து நான்கு.

பேனாவின் கையை ஒரு முனையில் ஆணி அடித்து நிறுத்தியிருந்தார்கள். அது நேராக ஏறாது, வட்டமாகத்தான் ஏறும். அதற்குத் தகுந்தாற்போலத்தான் தாளிலும் கோட்டை வளைத்து அச்சடித்திருந்தார்கள். பதினைந்து வருஷம் அந்த வளைவோடு படித்துப் படித்து, அவள் கண்ணுக்கு அது நேராகிவிட்டது. செவ்வாய் ஆறு மணி என்றால் அந்த வளைந்த கோடு முழுக்கச் செவ்வாய் ஆறு மணிதான். அதன் மேலேயே புள்ளி வைத்திருக்கிறாள். கோட்டை எடுத்துவிட்டால் அலை அந்தரத்தில் சாய்ந்து நிற்கிறது.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. முதலில் மூக்கில், பிறகு வயிற்றில். விமலன் பயந்துபோய் ஒரு எட்டு பின்வாங்கினான்.

“என்ன அக்கா?”

“நான் பதினஞ்சு வருஷமா கோணலா பாத்துக்கிட்டு இருந்திருக்கேன் டா.”

“அது எங்களுக்குத் தெரியும்.”

ஆபீசுக்கு இறங்கிப் போனாள். எழுத்து வேலை பார்க்கிற கிராணி தங்கையா மேசையில் ஸ்கேன் இயந்திரத்துக்குப் பக்கத்தில் சாமி படத்தை வைத்திருந்தார்.

“அண்ணே, அன்னிக்கு என் தாள ஸ்கேன் பண்ணீங்களே, பச்சைக் கோடு எங்க போச்சு?”

தங்கையாவின் முகம் மலர்ந்தது. “பாத்தியா? எவ்ளோ கிளீன்! பழைய தாளு, பின்னாடி எல்லாம் அழுக்கா கோடு கோடா இருந்திச்சு. காலேஜுக்குப் போற பேப்பராச்சேன்னு கறுப்பு எழுத்து மட்டும் வர்ற மாதிரி வச்சி எடுத்தேன். யாருக்கும் இப்டி செஞ்சதில்ல.”

அவள் ஸ்கேன் இயந்திரத்தைப் பார்த்தாள். சாமி படத்தைப் பார்த்தாள். “ரொம்ப நன்றி அண்ணே” என்றாள்.

*

காரணம் தெரிந்துவிட்டது. ஆனால் காரணம் மார்க் ஆகாது. அசல் தாளைக் கேமராவில் காட்டி, “கோடு வளைவு சார், அதனால்தான்” என்றால் குகனேஸ்வரன் என்ன சொல்வார் என்று அவளுக்குத் தெரியும். நீங்கள் அனுப்பியது இது. இதில் என்ன சரியாக இருக்கிறது, அதைச் சொல்லுங்கள்.

என்ன சரியாக இருக்கிறது?

வியாழக்கிழமை மத்தியானச் சோற்று நேரத்தில், சதுரக்கட்டம் போட்ட ஒரு கணக்கு நோட்டைக் கிழித்து, பழைய கணக்கை வைத்து மூன்று அலைகளையும் நேர்க்கோடுகளில் மறுபடி வரைந்தாள். அனுப்புவதற்கு இல்லை, பார்ப்பதற்கு. முதலில் ஏ.எம். பிரதியை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி அதன் மேல் புது ஏ.எம். அலையை வைத்தாள். கண்ணாடிக்கு அப்பால் வெயில் அடித்தது. அன்றைக்கு அது அதிசயம். உச்சிகள் ஒன்றோடொன்று ஒட்டவே இல்லை. உயரமான உச்சி அதிகம் நகர்ந்திருந்தது, குட்டையான உச்சி கொஞ்சம் நகர்ந்திருந்தது. அதாவது செய்தி சுமக்கிற இடமே கெட்டிருந்தது. ஏ.எம். காலி.

அடுத்து எஃப்.எம். பிரதியை ஒட்டி அதன் புது அலையை மேலே வைத்தாள். எல்லா உச்சியும் ஒரே உயரம். எல்லாம் ஒரே அளவு இடப்பக்கம் சாய்ந்திருந்தன. தலைகள் ஒட்டவில்லை. ஆனால் அலை நடுக்கோட்டை வெட்டுகிற இடங்கள் ஒன்றின் மேல் ஒன்று அப்படியே உட்கார்ந்தன. அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தாள். முதல் வெட்டு, இரண்டாவது, மூன்றாவது. செவ்வாய் மாலையில் நெருக்கமாக, சனி காலையில் அகலமாக, ஒரு மயிரிழை பிசகாமல்.

ஏன் என்று புரிய ஒரு வாய் சோறு மென்று முடிக்கும் நேரம் ஆனது. பேனாவின் கை நடுக்கோட்டில் இருக்கும்போது வளைவு அதை இழுப்பதில்லை. மேலே போனால்தான் இழுக்கும், கீழே போனால்தான் இழுக்கும். நடுவில் வளைவு பூஜ்யம். எஃப்.எம்.மோ செய்தியைத் தலையில் வைப்பதில்லை, நடுக்கோட்டை எப்போது வெட்டுகிறது என்பதில்தான் வைக்கிறது.

பி.எம். தாளையும் வைத்துப் பார்த்தாள். அதுவும் ஒட்டியது. சோற்றுத் தட்டைக் கழுவப் போனவள் கூடத்தில் இலை கிளறுகிற நேப்பாளப் பெண்ணைப் பிடித்து ஒரு சுற்று சுற்றிவிட்டாள். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. இருந்தாலும் சிரித்தாள்.

*

சனிக்கிழமை பத்தரைக்குக் கணவன் மகேன் மோட்டார் சைக்கிளை எடுத்தான். அவன் கோலா தெர்லாவிலிருந்து முட்டைக்கோசு ஏற்றுகிற லோரி டிரைவர். அன்றைக்கு லோட் இல்லை. தொழிலாளர்களின் லைன் வீடுகள் இருக்கிற பள்ளத்தில் போன் வீடியோ நிற்காது. தோட்டத்தின் உச்சியில், ரிப்பீட்டர் குடில் பக்கத்தில்தான் நிற்கும். மலைக்கு இந்தப் பக்கத்து வாக்கி-டாக்கி குரலை வாங்கி, பலம் கூட்டி, அந்தப் பக்கத்துக்குத் திருப்பி அனுப்புகிற பெட்டி அந்தக் குடிலில் இருக்கிறது. அதுவும் அவள் பராமரிப்புதான்.

“ஃபெயிலானா என்ன பண்ணுவ?” என்றான் மகேன், வளைவில் கால் ஊன்றிக்கொண்டு.

“உங்க லோரில கோசு ஏத்துவேன்.”

“ஐயோ வேண்டாம் லா. பாஸாயிடு. நீ கோசயும் திங்கக்கிழம, செவ்வாக்கிழமன்னு அடுக்குவ.”

குடிலின் படிக்கட்டில் உட்கார்ந்தாள். மடியில் தாள்கள், இடுப்பில் வாக்கி-டாக்கி. கடமை நேரம், அணைக்க முடியாது. மகேன் சற்றுத் தள்ளிப் போய் நின்று சிகரெட் பற்றவைத்தான். போனில் குகனேஸ்வரனின் முகம் வந்தது. பின்னால் புத்தக அலமாரி, மேசையில் அவளுடைய பிரதி. முழு அளவில் அச்செடுத்து வைத்திருந்தார். சிவப்புப் பேனாவில் ஏ.எம். அலையைச் சுற்றி ஒரு வட்டம்.

“சொல்லுங்க புவான் யுவனேஸ்வரி. முதல்ல இந்தச் செவ்வாய்க்கிழமய சொல்லுங்க. மூணு நாளா மண்டைய கொடையுது.”

அவள் அசல் தாளைக் கேமராவுக்கு நேராகப் பிடித்தாள். பேனாப்பெட்டியைப் பற்றிச் சொன்னாள். கோடுகள் வளைவு, கண் பழகிவிட்டது, ஸ்கேனில் கோடு போய்விட்டது. குகனேஸ்வரன் முகத்தைப் போனுக்குக் கிட்டே கொண்டுவந்து பார்த்தார். அவர் வாய் ஓரம் துடித்தது.

“அதாவது நீங்க ஒரு வாரத்த வரஞ்சிருக்கீங்க.”

“ஆமா சார்.”

“ஞாயித்துக்கிழம லீவு விடலியா?”

“அலைக்கு லீவு ஏது சார்?”

அவர் சிரித்துவிட்டு, சட்டென்று நிறுத்தினார். “சரி. காரணம் நல்லா இருக்கு. ஆனா நான் மார்க் போடறது இந்தப் பேப்பருக்கு. படிக்கிறவங்க கிட்ட உங்க பச்சைக் கோடு இருக்காது. இந்தத் தாள்ல எது சரி?”

“ஏ.எம். சரியில்ல சார்,” என்றாள் அவள்.

அவர் எதிர்பார்க்கவில்லை. “சரியில்லயா?”

“செய்தி உயரத்துல இருக்கு. உயரம் கூடக்கூட வளைவு ஜாஸ்தி இழுக்குது. எந்த நேரத்துக்கு எந்த உயரம்னு இந்தத் தாள வச்சு சொல்ல முடியாது. அது கெட்டுப்போச்சு. ஆனா எஃப்.எம்., பி.எம். ரெண்டும் கெடல. நீங்க ஸ்கேல் எடுத்துக்கோங்க சார்.”

அப்போதுதான் இடுப்பில் வாக்கி-டாக்கி கத்தியது. “அக்கா, விமலன். ஏழாம் நம்பர்ல கொழுந்து மூட்ட ரெடி, லோரி எங்க? ஓவர்.”

“மன்னிக்கணும் சார்.” அவள் பொத்தானை அழுத்தினாள். “விமலா, பத்து நிமிஷம் பொறு. பழனியப்பண்ணன் அடியில லோரியோட நிக்கிறார், அவர கேளு. ஓவர்.”

“பழனியப்பண்ணன் பேசவே இல்லியே, ஓவர்.”

விமலன் பேசுகிற அதே நேரத்தில்தான் மலைக்கு அடியில் பழனியப்பனும் பொத்தானை அழுத்தித் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருப்பார் என்று அவள் ஊகித்தாள். “நீ வாய மூடினாத்தான் அவர் சத்தம் கேக்கும். நீ ரிப்பீட்டருக்குக் கிட்ட நிக்கிற, அவர் தூரத்துல. ரெண்டு பேரும் ஒண்ணா பேசினா உன் சத்தம்தான் ஏறும். மூடு. ஓவர்.”

விமலன் அடங்கினான். பிறகு பழனியப்பனின் குரல், மெலிந்து, ஆனால் தெளிவாக: “…எத்தன வாட்டி சொல்றது! அஞ்சாம் நம்பர் முனைல நிக்கிறேன்! வாயா அது, லவுட்ஸ்பீக்கரா?”

போனுக்குள் குகனேஸ்வரன் நாற்காலியில் நிமிர்ந்திருந்தார். அட்டவணைப் பக்கத்தைப் புரட்டினார். “இந்தக் கடைசி வரிசை. ‘இருவர் ஒரே நேரத்தில் பேசினால்’. ஏ.எம்.ல ரெண்டும் கலந்து கேக்கும், அதனாலதான் விமானத்துல ஏ.எம். வச்சிருக்காங்க. எஃப்.எம்.ல பலமானது மத்தத அமுக்கிடும். இந்த வரிசய நான் பாடத்துல சொல்லவே இல்ல. எங்கேருந்து எடுத்தீங்கன்னு கேக்க நெனச்சேன்.”

“விமலன் கிட்டேருந்து சார்.”

அவர் அந்தப் பெயரைப் பேனாவில் குறித்துக்கொண்ட மாதிரி இருந்தது. பிறகு அளவுகோலை எடுத்தார். “சரி. எஃப்.எம். எங்க அளக்கணும்?”

“நடுக்கோட்ட வெட்ற எடத்துல மட்டும் சார். தலைய பாக்காதீங்க.”

“ஏன் தலைய பாக்கக் கூடாது?”

அவள் சுற்றிப் பார்த்தாள். குடிலுக்குக் கீழே நேற்று இயந்திரம் ஓட்டிய தேயிலை. தலைகள் எல்லாம் தட்டையாக, மேசை போட்டது போல. அவள் போனைத் திருப்பி அதைக் காட்டினாள்.

“பாருங்க சார். இதெல்லாம் ஒண்ணு ஒசரமா ஒண்ணு குட்டையா இருந்திச்சு. மெஷின் எல்லாத்தயும் மட்டமா வெட்டிடுச்சு. தலை போச்சு. ஆனா எந்தச் செடி எந்த எடத்துல நிக்குதுன்றது போகல. வாக்கி-டாக்கி உள்ளயும் இதான் நடக்குது. லிமிட்டர். இடி, மின்னல், மோட்டார் சத்தம் எல்லாம் வந்து தலையிலதான் ஒட்டும். அது தலைய வெட்டிட்டு, நடுக்கோட்ட எப்ப வெட்டுதுன்றத மட்டும் எடுத்துக்குது. என் தாள்ல வளைவு தலையத்தான் சாச்சிருக்கு. நடுக்கோட்டுல வளைவுக்கு வேலையே இல்ல.”

குகனேஸ்வரன் குனிந்து அளக்கத் தொடங்கினார். உதடு அசைந்தது. ஒரு தாளில் எண்களை எழுதினார். மகேன் சிகரெட்டை மறந்து நின்றான். சாம்பல் நீண்டு வளைந்தது.

“இடப்பக்கத்துலேருந்து கால்வாசி தூரத்துல இடைவெளி ஏழர மில்லி,” என்றார் குகனேஸ்வரன். “முக்கால்வாசில பதினேழு.”

“அதுதான் சார் செவ்வாய் சாயங்காலம். அடுத்தது சனிக்கிழம விடியகால.”

“பி.எம்.?”

“அது செய்தி எவ்வளவு வேகமா ஏறுதோ அதுக்குத் தகுந்த மாதிரி நெருங்கும். உச்சியில இல்ல. திங்கக்கிழம ஆரம்பத்துல நெருக்கம், வியாழக்கிழம மத்தியானம் அகலம், ஞாயித்துக்கிழம முடிவுல மறுபடி நெருக்கம்.”

அளவுகோல் மறுபடி நகர்ந்தது. இடது ஓரம், நடு, வலது ஓரம்.

குகனேஸ்வரன் அளவுகோலைக் கீழே வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். நாற்காலி ஆட ஆடச் சிரித்தார், படம் குலுங்கியது.

“நாலு வருஷமா க்ளாஸ்ல நின்னு சொல்றேன், ஏ.எம். இரைச்சல தாங்காது, எஃப்.எம். தாங்கும்னு. ஒருத்தரும் நம்பினதில்ல, மனப்பாடம் பண்ணி எழுதறாங்க. நீங்க மூணயும் ஒரே மாதிரி கெடுத்து அனுப்பி, எது செத்தது எது பொழச்சதுன்னு காட்டிட்டீங்க. இந்தத் தாள அடுத்த வருஷம் க்ளாஸ்ல காட்டட்டுமா?”

“மார்க் சார்?”

“ஓ.” அவர் சிவப்புப் பேனாவை எடுத்தார். “எஃப்.எம்.முக்கு ஏழு. ஏழுக்கு ஏழு. பி.எம்.முக்கு ஏழு. ஏ.எம்.முக்கு ஆறுல… சைபர்தான். நீங்களே செத்துப்போச்சுன்னு சொல்லிட்டீங்க.”

“சைபர் சரி சார்,” என்றாள். பதினான்கு. அவள் விரல் விட்டு எண்ணவில்லை. ஆனாலும் விரல்கள் தாமாக மடங்கின.

“தேறிட்டீங்க. ஒரே ஒரு கண்டிஷன். இனிமே கணக்கு நோட்டுல வரையுங்க.”

போன் இருண்டது. அவள் எழுந்து நிற்கப் பார்த்தாள். மகேன் வந்து கையைப் பிடித்துத் தூக்கினான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிகரெட்டைத் தூர எறிந்தான்.

“அப்ப கோசு ஏத்த ஆள் கெடைக்காதா?”

“கெடைக்காது.”

அவன் அவள் இடுப்பிலிருந்த வாக்கி-டாக்கியை உருவிப் பொத்தானை அழுத்தினான். “டேய் விமலா. எல்லாரும் கேளுங்க. அக்கா பாஸ். ஓவர்.”

அது செய்யக்கூடாத காரியம். தோட்டம் முழுவதற்கும் ஒரே அலைவரிசைதான்; ஒருவர் முடித்த பிறகுதான் அடுத்தவர் பேச வேண்டும். அன்றைக்கு யாரும் காத்திருக்கவில்லை. வாட்டுக் கூடத்திலிருந்து, எடை மேடையிலிருந்து, அஞ்சாம் நம்பர் முனையிலிருந்து, எல்லோரும் ஒரே சமயத்தில் பொத்தானை அழுத்தினார்கள். ஆனால் கேட்டது ஒரே ஒரு குரல். ஏழாம் நம்பர் மலையில், குடிலுக்கு மிகக் கிட்டே நின்ற விமலனின் குரல்: “நான்தான் முதல்ல சொன்னேன் அது கோணல்னு! நான் சொல்லாட்டி அக்கா ஃபெயிலு! ஓவர்!”

யுவனேஸ்வரி வாக்கி-டாக்கியை வாங்கினாள்.

“விமலா, நீ வாய மூடு. மத்தவங்க ஒவ்வொருத்தரா வாங்க. தூரத்துல இருக்கிறவங்க முதல்ல. ஓவர்.”

முதலில் பழனியப்பன் வந்தார். லோரி ஹாரனை வாக்கி-டாக்கிக்கு நேராக அடித்துக் காட்டினார். அடுத்தது எடை மேடை. பிறகு தங்கையா, தான் சுத்தமாக ஸ்கேன் எடுத்ததால்தான் காலேஜில் மதித்தார்கள் என்று பெருமையோடு சொன்னார். அவள் மறுக்கவில்லை. வாட்டுக் கூடத்திலிருந்து அந்த நேப்பாளப் பெண், “தஹ்னியா, அக்கா” என்று மலாயில் வாழ்த்தினாள். கூடவே விசிறிகளின் இரைச்சல் வந்தது. ஒவ்வொரு குரலுக்கும் அவள் குடிலின் படிக்கட்டில் நின்றபடி, “கேட்டுச்சு, ஓவர்” என்றாள்.

பனி ஏறி வந்து ஏழாம் நம்பர் மலையை மூடியது. அதற்குள்ளிருந்து விமலன் கெஞ்சினான். “இப்ப நான் பேசலாமா, ஓவர்?”